கடையத்தில் இரவு ஷிப்ட்: ஐ.டி. நிறுவன மனநலக் கொள்கையில் ரகசியம் கசியும் இடங்கள்

மென்பொருள் வேலை என்றால் சென்னை, பெங்களூரு என்று இருந்த நிலை மாறி வருகிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் சோஹோ 2011இல் அலுவலகம் திறந்தது. கொரோனா காலத்துக்குப் பிறகு, ஊரிலிருந்தே வேலை பார்ப்பதும் சிற்றூர்க் கிளைகளும் பல நிறுவனங்களில் பேச்சாகின. கடையம், பாவூர்சத்திரம், ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டோடு ஐ.டி. வேலை பார்க்கலாம் என்பது நல்ல செய்திதான்.

ஆனால் வேலை ஊருக்கு வந்த அளவுக்கு, வேலை தொடர்பான விதிகள் ஊருக்கு ஏற்றபடி மாறவில்லை. அதில் முக்கியமானது மனநலக் கொள்கை. பெரிய மென்பொருள் நிறுவனங்களில் இப்போது இதற்கென ஒரு ஆவணம் இருப்பது சகஜம். கவுன்சலிங் வசதி உண்டு, உதவி எண் உண்டு, ‘அனைத்தும் ரகசியமாக வைக்கப்படும்’ என்ற வரியும் உண்டு. பல்லாயிரம் பேர் வேலை செய்யும் பெருநகர வளாகத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட அந்த வரி, நாற்பது பேர் வேலை செய்யும் ஓர் ஊர்க் கிளையில் தாக்குப்பிடிக்குமா?

இதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட எந்த நிறுவனத்தின் கதையும் அல்ல; கொள்கையைச் சோதித்துப் பார்க்க உருவாக்கப்பட்ட ஒரு மாதிரி மட்டுமே.

ஓர் இரவு ஷிப்டின் கணக்கு

கடையத்தைச் சேர்ந்த 27 வயது இளைஞர். தென்காசி வட்டாரத்தில் நாற்பது பேர் கொண்ட ஒரு கிளையில், அமெரிக்க மேற்குக் கரை வாடிக்கையாளர்களுக்கான ஆறு பேர் குழுவில் வேலை. அங்கே காலை 9 மணி என்றால் இங்கே இரவு 9.30. நவம்பரில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததும் அது இரவு 10.30 ஆகிவிடும், மார்ச்சில் மறுபடி 9.30. வருடத்துக்கு இரண்டு முறை, ஊரில் யாருக்கும் காரணம் புரியாமல் இவருடைய சாப்பாட்டு நேரமும் தூக்க நேரமும் மாறும்.

இரவு 9.30க்குத் தொடங்கி காலை 6.30க்கு முடியும் ஷிப்ட். வேன் ஒவ்வொருவராக இறக்கிவிட்டு கடையம் வரும்போது 7.30. குளித்து, சாப்பிட்டு, படுக்கும்போது 8.30 ஆகிறது. வெளியே நல்ல வெயில். உடலுக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ‘எழுந்திரு’ என்றுதான் சொல்லும். அதனால் பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிட ஒன்று முதல் நான்கு மணி நேரம் வரை குறைவாகவே இருக்கும் என்பது தூக்க ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம்.

இதோடு வீடும் சேர்ந்துகொள்கிறது. வாசலில் காய்கறி வண்டி, கோயில் கொடை என்றால் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து “என்னல, பகல்லயே தூங்குத?” என்று எழுப்பும் பாசம். இரவு வேலை பார்ப்பவருக்குப் பகல்தான் இரவு என்பது வீட்டில் எல்லோருக்கும் பிடிபடுவதில்லை. பகலில் வீட்டில் இருப்பவன் சும்மா இருப்பவன்தானே; ரேஷன் கடைக்கும் பேங்குக்கும் அவனையே அனுப்புவார்கள். பன்னிரண்டரைக்கு விழிப்பு வந்தால் தூங்கியது நான்கு மணி நேரம். சனி, ஞாயிறு வீட்டாரோடு பகலில் விழித்து, இரவில் தூங்கி, திங்கள்கிழமை மறுபடி தலைகீழ். வாரா வாரம் அமெரிக்கா போய்த் திரும்பியவரின் நிலை.

சில மாதங்களில் எரிச்சல், மறதி, பசியின்மை, அதிகாலை மூன்று முதல் ஐந்து மணிக்குள் தவறுகள். தூக்கக் குறைவு மனச்சோர்வை வளர்க்கும். மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும். எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்வது மருத்துவருக்கே எளிதல்ல.

யோகா வகுப்பு போதுமா?

இந்த இடத்தில் பல நிறுவனங்கள் முதலில் கையில் எடுப்பது தியானச் செயலி, யோகா வகுப்பு, மன அழுத்தம் குறித்த இணையவழிக் கருத்தரங்கு ஆகியவற்றைத்தான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் கருத்துக்கணிப்புத் தரவை ஆராய்ந்து 2024இல் கட்டுரை வெளியிட்டார். இத்தகைய தனிநபர் திட்டங்களில் பங்கேற்றவர்களின் மனநலம் பங்கேற்காதவர்களைவிட மேலாக இல்லை என்பதே அவர் கண்டது. தன்னார்வத் தொண்டு செய்ய வாய்ப்பளித்த திட்டங்கள் மட்டும் விதிவிலக்காக இருந்தன. இது பரிசோதனை முறை ஆய்வு அல்ல; அதனால் இதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் நான்கு மணி நேரத் தூக்கத்தோடு ஓடும் ஒருவருக்கு மூச்சுப் பயிற்சி கற்றுத் தருவதைவிட, அவருக்கு ஆறு மணி நேரத் தூக்கம் கிடைக்க வழி செய்வதே முதல் வேலை என்பதைப் புரிந்துகொள்ள பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை.

அதற்கான விதிகள் புதியவையும் அல்ல. இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கட்டாயம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர உத்தரவு சொல்கிறது. இரவு ஷிப்ட் தொடர்ச்சியாக இரண்டு மூன்றுக்கு மேல் போக வேண்டாம், இரவிலிருந்து பகலுக்கு மாறும்போது நடுவில் இரண்டு முழு இரவுத் தூக்கம் கொடுங்கள் என்பது பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பு தரும் வழிகாட்டல். ஷிப்ட் முடிந்த பிறகும் காலை 10 மணிக்கு ‘எல்லாரும் கட்டாயம் வரணும்’ என்று ஒரு மீட்டிங் போட்டால், தாளில் இருக்கும் ஓய்வு நடைமுறையில் இருக்காது. கொள்கை இதைப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு முடிச்சு உண்டு: இரவுப் படி. வீட்டுக் கடனுக்கும் தங்கை படிப்புக்கும் அந்தப் படியை நம்பியிருப்பவர், எவ்வளவு கஷ்டம் வந்தாலும் பகல் ஷிப்ட் கேட்க மாட்டார். உடல்நலக் காரணத்துக்காக ஷிப்ட் மாறுபவருக்கு, உதாரணமாக எட்டு வாரத்துக்கு, அந்தப் படி குறையாது என்று கொள்கையில் ஒரு வரி இருந்தால்தான் ‘உதவி கேளுங்கள்’ என்ற அழைப்புக்கு அர்த்தம் வரும். அந்த வரி இல்லாதவரை, உதவி கேட்பதற்கு ஊழியர் தன் சம்பளத்திலிருந்து விலை கொடுக்கிறார்.

சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநோய் உள்ள ஒருவரின் மனநலம், சிகிச்சை பற்றிய தகவல் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதை அதன் 23ஆவது பிரிவு உரிமையாகவே தருகிறது. பலர் இதை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது அடுத்த வரி. ரகசியம் காக்கும் கடமையை அந்தப் பிரிவு சுமத்துவது சிகிச்சை தரும் மருத்துவப் பணியாளர்கள் மீது. மேனேஜர், எச்.ஆர். அதிகாரி, ஷிப்ட் பட்டியல் போடுபவர் ஆகியோர் அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது கவுன்சலரிடம் சொன்னது சட்டத்தின் பூட்டுக்குள் இருக்கும். அதே விஷயத்தை டீ குடிக்கும்போது மேனேஜரிடம் சொன்னால் அந்தப் பூட்டு இல்லை.

தகவல் பாதுகாப்புச் சட்டம் இந்த இடைவெளியை அடைக்குமா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகள், மனநலம் பற்றிய தகவலைத் தனியாக ‘உணர்திறன் மிக்க’ தகவல் என்று வகைப்படுத்தின. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு தனி வகை கிடையாது. வேலை தொடர்பான காரணங்களுக்காகத் தனியாகச் சம்மதம் கேட்காமலேயே ஊழியரின் தகவலைப் பயன்படுத்தவும் அது இடம் தருகிறது. ஆக, அலுவலகத்துக்குள் யார் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்ற கேள்விக்குச் சட்டம் முழுப் பதில் தராது. நிறுவனத்தின் கொள்கைதான் அதைத் தர வேண்டும்.

ரகசியம் கசியும் நான்கு இடங்கள்

நமது இளைஞர் உதவி கேட்க முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரும் வேண்டுமென்றே அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் விஷயம் வெளியே வரும் வழிகள் இவை.

முதலாவது, முன்பதிவு. கவுன்சலிங் நேரத்தை அலுவலக காலண்டரிலோ அலுவலக மின்னஞ்சலிலோ பதிவு செய்யச் சொன்னால், அதைப் பார்க்கும் வசதி உள்ளவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். நாற்பது பேர் அலுவலகத்தில் ஒரே ஒரு மீட்டிங் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் முக்கால் மணி நேரம் போனில் பேசினால் மத்தியானத்துக்குள் கதை பரவிவிடும். சொந்த மொபைல் எண்ணிலிருந்து, வேலை நேரத்துக்கு வெளியேயும், வீட்டுக்கு வெளியே இருந்தும் பேச வசதி இருக்க வேண்டும். வீட்டிலும் தனியறை கிடைக்காது என்பதைப் பெருநகரத்தில் கொள்கை எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, விடுப்புச் சான்றிதழ். மனநல மருத்துவரின் பெயரும் நோயின் பெயரும் அச்சிட்ட தாள், விடுப்பு மென்பொருளில் ஏற்றியவுடன் மேனேஜர் திரையில் திறக்கிறது. மேனேஜருக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: எத்தனை நாள் விடுப்பு, திரும்பி வரும்போது வேலையில் என்ன மாற்றம் வேண்டும். நோயின் பெயர் தேவையில்லை. சான்றிதழ் நேராகத் தலைமையகத்தில் உள்ள நிறுவன மருத்துவருக்கோ, பெயர் குறிப்பிட்ட ஒரே அதிகாரிக்கோ போய், மேனேஜருக்கு ‘விடுப்பு ஏற்கப்பட்டது’ என்று மட்டும் வர வேண்டும்.

மூன்றாவது, பில். மனநோய்ச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21(4) பிரிவு காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொல்கிறது. ஆனால் குழுக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானது. மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கும் செலவை நிறுவனமே திருப்பித் தருவதாக இருந்தால், அந்த பில் உள்ளூர் அக்கவுன்ட்ஸ் மேசை வழியாகப் போகும். அந்த மேசையில் இருப்பவர் அடுத்த தெருக்காரராக இருக்கலாம். பில் நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்கோ வெளி அமைப்புக்கோ போகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, புள்ளிவிவரம். கவுன்சலிங் சேவை தரும் வெளி நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்பும். பெயர் இருக்காது. ‘தென்காசி கிளை, இரவுக் குழு, 2 பேர்’ என்று மட்டும் இருக்கும். ஆறு பேர் குழுவில் அந்த இரண்டு பேர் யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐயாயிரம் பேர் வளாகத்தில் பாதுகாப்பாக இருக்கும் எண், ஊர்க் கிளையில் பெயரைச் சொல்வதற்குச் சமம். பத்துப் பேருக்குக் குறைவான எந்த எண்ணையும் தனியாகக் காட்டக் கூடாது. சிறு கிளைகளை ஒன்றாகச் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அறிக்கை தர வேண்டும் என்பது எளிய விதி. ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிடலாம்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு

உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்கும் கடமையிலிருந்து சட்டமே விலக்கு தருகிறது. அப்போதும் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவு மட்டுமே சொல்லலாம் என்பதுதான் கொள்கையில் இடம்பெற வேண்டிய அளவுகோல். இதை முதல் சந்திப்பிலேயே கவுன்சலர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ‘எதையும் யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வீட்டுக்கு போன் போட்டால், அந்த ஊழியர் மட்டுமல்ல, அந்தக் கிளையில் யாரும் மறுபடி அந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

யாருக்குச் சொல்வது என்பதும் முக்கியம். வேலையில் சேரும்போது அவசரத் தொடர்புக்கு அப்பா எண்ணைக் கொடுப்பது வழக்கம். ஆனால் பிரச்சினையே வீட்டில் இருக்கலாம். இதற்கென்று தனியாக ஒருவரை ஊழியரே தேர்ந்தெடுக்கவும், எப்போது வேண்டுமானாலும் மாற்றவும் வழி வேண்டும்.

மேனேஜருக்கு என்ன பயிற்சி?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில், மேலதிகாரிகளுக்கு வெறும் நான்கு மணி நேரப் பயிற்சி கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்றவர்களின் கீழ் வேலை செய்தவர்களிடம், பணி சார்ந்த நோய் விடுப்பு குறைந்தது. லான்செட் சைக்கியாட்ரி இதழில் 2017இல் வெளியான ஆய்வு இது. உலக சுகாதார நிறுவனமும் தன் 2022ஆம் ஆண்டு வழிகாட்டலில் மேலாளர் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. அந்த நான்கு மணி நேரத்தில் மேலதிகாரிகள் மனநல மருத்துவர்களாக மாறவில்லை. நோய்களைப் பற்றிய அடிப்படை அறிவையும், ஊழியரோடு பேசும் முறையையும் கற்றுக்கொண்டார்கள்.

பேசும் முறைதான் நம் ஊரில் கடினம். “உனக்கு டிப்ரஷனா தம்பி?” என்று மேனேஜர் கேட்டால் அது நோயைக் கணிக்கும் வேலை, அது அவருடைய வேலை அல்ல. “ரெண்டு வாரமா டிக்கெட் முடிக்க நேரமாகுது, நீங்க வழக்கமா அப்படி இல்லையே. ஷிப்ட் ஒத்துக்கலையா? என்ன மாத்துனா சுலபமா இருக்கும்?” என்று தனியே கேட்டால், அவர் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறார், தன்னால் செய்ய முடிந்ததை மட்டும் கேட்கிறார். நோயின் பெயரை அந்த ஊழியர் சொல்ல வேண்டிய அவசியமே வருவதில்லை.

சிற்றூரில் கூடுதலாக ஒரு பாடம் தேவை. இங்கே மேனேஜருக்கும் ஊழியரின் குடும்பத்துக்கும் பழக்கம் இருக்கும். “ஒங்க அப்பாவ எனக்கு நல்லா தெரியும்ல, நான் பேசுதேன்” என்று சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு போன், வேலையில் இருக்கும் பிரச்சினையைக் கல்யாணப் பேச்சு வரைக்கும் கொண்டுபோய்விடும். பயிற்சியில் இதை வெளிப்படையாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும்: ஊழியர் கேட்காமல் வீட்டாரிடம் பேசக் கூடாது, அக்கறையாக இருந்தாலும்.

குழுவில் எழும் கேள்விக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். “அவனுக்கு மட்டும் ஏன் சார் பகல் ஷிப்ட்?” என்று கேட்பார்கள். “ஷிப்ட் மாத்துனது என் முடிவு. நாளைக்கு ஒங்களுக்குத் தேவைன்னாலும் இதே மாதிரி செய்வோம்” என்பதோடு நிறுத்திக்கொள்ளப் பழக வேண்டும். ‘உடம்பு சரியில்ல’ என்று பொய் சொல்லவும் வேண்டாம், உண்மையை உடைக்கவும் வேண்டாம்.

எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும், மேனேஜர் கையில் ஷிப்டை மாற்றும் அதிகாரம் இல்லையென்றால் பயன் இல்லை. பரிவோடு கேட்டுவிட்டு “மேல கேட்டுச் சொல்றேன்” என்று அனுப்பினால், அந்தக் கோரிக்கை காரணத்தோடு நான்கு மேசைகளைத் தாண்டும். இரண்டு வாரம் வரை ஷிப்டை மாற்ற, காரணம் எழுதாமலேயே மேனேஜர் முடிவெடுக்கலாம் என்ற அதிகாரம் ஒன்றே பல கசிவுகளை அடைத்துவிடும்.

கொள்கை வேலை செய்கிறதா?

நிறுவனங்கள் பொதுவாக எத்தனை கருத்தரங்கு நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குக் காட்டும். அது கொள்கையின் பலன் அல்ல. ஒரு கிளையில் ஓராண்டாக யாருமே கவுன்சலிங் சேவையைத் தொடவில்லை என்றால், அங்கே எல்லோரும் நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்பிக்கை இல்லை என்றும் அதற்குப் பொருள் உண்டு. இரவுக் குழுவிலிருந்து மட்டும் தொடர்ந்து ராஜினாமா வருகிறதா, திடீர் விடுப்புகள் கூடுகின்றனவா, 11 மணி நேர ஓய்வு எத்தனை முறை மீறப்பட்டது, உடல்நலக் காரணத்தால் ஷிப்ட் மாறியவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் வேலையில் இருக்கிறார்கள் ஆகிய எண்கள்தான் உண்மையைச் சொல்லும். இவற்றைத் திரட்ட யாருடைய மனநிலையையும் கேட்கத் தேவையில்லை. ஷிப்ட் பட்டியலும் வருகைப் பதிவுமே போதும்.

அலுவலகம் தரும் உதவியில் நம்பிக்கை வராதவர்களுக்கு வெளியே ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் டெலி மனஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். இரவு ஷிப்ட் முடிந்து வேனுக்குக் காத்திருக்கும் காலை ஆறரை மணிக்கும் எடுப்பார்கள். நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

ஆனால் அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு நிறுவனம் கை கழுவ முடியாது. தூக்கத்தைப் பறித்தது ஷிப்ட் பட்டியல் என்றால், அதைத் திருத்த வேண்டியதும் அந்தப் பட்டியலைப் போட்டவர்களே. கிராமத்துக்கு அலுவலகம் கொண்டுவரும் எந்த நிறுவனமும் தன் மனநலக் கொள்கையை எடுத்து, மிகச் சிறிய கிளையின் இரவுக் குழுவில் உள்ள ஒருவரின் இடத்தில் நின்று, வரி வரியாகப் படித்துப் பார்க்கட்டும். அவர் பெயர் வெளியே வராமலும், சம்பளம் குறையாமலும் உதவி கேட்க முடிகிறது என்றால், பெருநகர வளாகத்திலும் அந்தக் கொள்கை நிற்கும்.